ஆயிரம் இருக்கட்டும், முதலில் பன்னிரண்டு

"விஷ்ணு சஹஸ்ரநாமத்தை ஒரு வீடியோவுக்கு ஒரு நாமம் என்று, ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க ஆசை. முதல் எட்டு நாமங்கள் போட்டுவிட்டேன். இப்போது தடுமாறுகிறேன். ஒரே நாமத்துக்கு நாலைந்து அர்த்தம் இருக்கிறது, எதைச் சொல்வது? சில நாமங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அவற்றை என்ன செய்வது? பார்க்கிறவர்களும் நடுவிலேயே போய்விடுகிறார்கள். தொடரை எப்படித் திட்டமிடலாம்?"
ஒரு வாசகர்

எட்டாவது நாமத்தில் நின்றுவிட்டீர்கள் என்று படித்ததுமே காரணம் புரிந்துவிட்டது. முதல் சுலோகத்தை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விச்வம், விஷ்ணு, வஷட்கார, பூதபவ்யபவத்ப்ரபு, பூதக்ருத், பூதப்ருத், பாவ, பூதாத்மா, பூதபாவன. ஒன்பது நாமங்களில் ஐந்து 'பூத' என்றே தொடங்குகின்றன. பாராயணத்தில் அது அழகு, அலை அலையாக வரும். தனித்தனி வீடியோவாக வெட்டினால், கேட்கிறவருக்கு நேற்று கேட்டதையே இன்றும் கேட்கிற மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு தமிழ்க் காதில் பூதம் என்றால் பேய் பூதம், இல்லாவிட்டால் பஞ்சபூதம். இங்கே அது 'உண்டான உயிர்கள் எல்லாம்' என்ற பொருளில் வருகிறது என்று விளக்கவே பாதி நேரம் போய்விடும், அதை நாலு வீடியோவிலும் திரும்பச் சொல்ல வேண்டும், பூதபவ்யபவத்ப்ரபுவில் மட்டும் பூத என்றால் கடந்த காலம். உங்கள் பேச்சில் குறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தொடங்கிய இடம்தான் தொடருக்குக் கடினமான இடம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். தினம் ஒன்று போட்டாலும் ஆயிரம் முடிய இரண்டே முக்கால் வருடம். வாரம் மூன்று என்றால் ஆறு வருடத்துக்கு மேல். ஆகவே சஹஸ்ரநாமத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வைத்துவிட்டு, துவாதச நாமத்தை முதல் தொடராக எடுங்கள் என்பது என் யோசனை. கேசவன், நாராயணன், மாதவன், கோவிந்தன், விஷ்ணு, மதுசூதனன், திரிவிக்கிரமன், வாமனன், ஸ்ரீதரன், ஹ்ருஷீகேசன், பத்மநாபன், தாமோதரன். ஆசமனத்தில் சொல்வதும் பன்னிரண்டு திருமண் இட்டுக்கொள்ளும்போது சொல்வதும் இவைதான். மாதத்துக்கு ஒரு நாமம் என்று மார்கழிக்குக் கேசவனில் தொடங்கி கார்த்திகைக்குத் தாமோதரனில் முடியும். நம்மாழ்வார் திருவாய்மொழியில் இரண்டாம் பத்து ஏழாம் திருவாய்மொழியை இந்தப் பன்னிரண்டையும் வரிசையாக வைத்து, பாட்டுக்கு ஒரு நாமமாகப் பாடியிருக்கிறார். பன்னிரு நாமப் பாட்டு என்றே அதற்குப் பெயர். நீங்கள் செய்ய நினைக்கிற வேலைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. தமிழில், ஒரு நாமம், ஒரு சிறு பாட்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு வீடியோவுக்கும் அந்தப் பாசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுத உட்காரலாம். இந்தப் பன்னிரண்டும் சஹஸ்ரநாமத்துக்குள்ளும் வருவதால் செய்த வேலை வீணாகாது, பின்னால் பெரிய தொடருக்குப் போகும்போது அப்படியே பயன்படும்.

சரி, எந்த அர்த்தம் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் தொடரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கேசவனை எடுத்துக்கொள்வோம். அழகான கேசம் உடையவன் என்பது ஒரு பொருள், பாணினியின் இலக்கணத்திலேயே இதற்குத் தனிச் சூத்திரம் இருக்கிறது. கேசி என்ற குதிரை வடிவ அசுரனைக் கொன்றவன் என்பது இன்னொன்று, விஷ்ணு புராணத்தில் நாரதர் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கண்ணனுக்கு இப்பெயர் வழங்கும் என்கிறார். க என்றால் பிரம்மா, அ என்றால் விஷ்ணு, ஈச என்றால் சிவன், மூவரும் எவன் வசத்தில் இருக்கிறார்களோ அவன் கேசவன் என்பது மூன்றாவது. சங்கரர் தம் பாஷ்யத்தில் இந்த மூன்றையுமே தருகிறார். உடனே நமக்குக் கை அரிக்கும், மூன்றையும் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாமே என்று. சொல்லாதீர்கள். பாஷ்யம் என்பது படித்து நிறுத்தி யோசிக்கிறவருக்கு எழுதப்பட்டது, அங்கே மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். கேட்டுக்கொண்டே விரலால் தள்ளிவிட்டுப் போகிறவருக்கு மூன்று சொன்னால் ஒன்றும் நிற்காது, 'ஏதேதோ அர்த்தம் சொன்னார்' என்பதுதான் மிஞ்சும்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், யார் சொன்ன பொருள் என்பதையும் அரை வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். 'சங்கரர் சொல்லும் பொருள்களில் ஒன்று' என்றோ, 'பராசர பட்டர் இப்படி விளக்குகிறார்' என்றோ சொல்லிவிட்டால், வேறு பொருள் தெரிந்தவர் சண்டைக்கு வரமாட்டார், தெரியாதவரும் இதுதான் ஒரே பொருள் என்று தவறாகப் பிடித்துக்கொள்ள மாட்டார். சங்கரரின் பாஷ்யமும் பட்டரின் பகவத்குண தர்ப்பணமும் ஒரே நாமத்தை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்ப்பவை. முன்னது அத்வைதப் பார்வை, பின்னது பெயருக்கு ஏற்றபடி பகவானின் குணங்களையே கண்ணாடியில் காட்டுவது. சில இடங்களில் சுலோகத்தைப் பிரித்து நாமங்களை எண்ணுவதிலேயே இருவருக்கும் வேறுபாடு உண்டு. அதனால் வீடியோவின் மூலையில் 'நாமம் 648' என்று எண் போட்டால் யாருடைய கணக்கு என்பதையும் எங்காவது போட்டுவிடுங்கள். எண்ணே போடாவிட்டாலும் குறைவில்லை.

திரும்ப வரும் நாமங்கள் விஷயத்திலும் கேசவனே வழிகாட்டுகிறான். சங்கர பாஷ்யக் கணக்கில் கேசவ என்ற நாமம் 23 ஆவதாகவும் 648 ஆவதாகவும் வருகிறது. முதல் இடத்தில் மேலே சொன்ன மூன்று பொருளும். இரண்டாவது இடத்தில் அவர் வேறு பொருளுக்குப் போகிறார். கேசம் என்றால் அங்கே சூரியன் முதலியவற்றின் கதிர்கள், அந்தக் கதிர்களை உடையவன் கேசவன். பெயர் ஒன்று, வந்த இடம் வேறு, ஆகவே பொருளும் வேறு. இப்போது 648-க்கு அடுத்த நாமத்தைப் பாருங்கள். 'கேசவ: கேசிஹா ஹரி:' என்று வருகிறது. கேசிஹா என்றாலே கேசியைக் கொன்றவன். நீங்கள் முந்தின வீடியோவில் கேசவனுக்குக் கேசி கதையைச் சொல்லிவிட்டிருந்தால் அடுத்த நாள் கேசிஹாவுக்கு என்ன சொல்வீர்கள்? எழுதும் முன்னால் முன்னும் பின்னும் பத்து நாமமாவது படித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான்.

பன்னிரண்டிலும் இப்படி இடிக்கிற இடங்கள் இருக்கின்றன. வரிசையில் திரிவிக்கிரமன் முதலில் வருகிறான், வாமனன் அடுத்து. கதையில் முதலில் குள்ளன், அப்புறம்தான் ஓங்கி உலகளந்தவன். வரிசையை மாற்ற வேண்டாம், காலங்காலமாகச் சொல்லி வருகிற வரிசை அது. திரிவிக்கிரமனுக்கு மூன்று அடி என்ற அளவை மட்டும் எடுங்கள், பெயரும் அதைத்தான் சொல்கிறது. மகாபலி, தானம், சுக்கிரன் தடுத்தது எதையும் தொடாதீர்கள். வாமனனுக்குச் சிறுமையை மட்டும் எடுங்கள், எல்லாம் உடையவன் கை நீட்டிக் கேட்பதற்காகத் தன்னைக் குறுக்கிக்கொண்டதை. அதே மாதிரி மாதவனும் ஸ்ரீதரனும் இருவருமே திருமகளைச் சொல்லும் பெயர்கள். மா என்றால் திருமகள், தவ என்றால் கணவன், ஆக மாதவன் உறவைச் சொல்கிறது. ஸ்ரீதரன் அவளை மார்பில் தாங்கியவன், இடத்தைச் சொல்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால் இரண்டு வீடியோவும் ஒன்று போல ஆகாது.

குறித்து வைப்பது என்றேன் அல்லவா, ஒரு நாமத்துக்கு ஒரு அட்டை போடுங்கள். பெயரும் அதன் பிரிப்பும், ஒரே ஒரு பொருள், அது யார் சொன்னது, கண்ணுக்குக் காட்டப் போகிற ஒரே ஒரு காட்சி. அட்டையின் பின்பக்கத்தில், இந்த வீடியோவில் சொல்லப் போகாதவை. பின்பக்கம் நிறைந்திருந்தால்தான் முன்பக்கம் சுத்தமாக இருக்கும். பன்னிரண்டு அட்டையும் முடித்து, தரையில் பரப்பி, ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பார்த்த பிறகு கேமராவைத் தொட்டால் போதும்.

தாமோதரனை முழுக்கச் செய்து காட்டுகிறேன்.

தாம என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. வயிற்றில் கயிற்றால் கட்டப்பட்டவன். இது அட்டையின் முன்பக்கம். பாஷ்யத்தில் இன்னும் இரண்டு பொருள் உண்டு. தமம், அதாவது புலனடக்கம் முதலியவற்றால் உயர்ந்த மதியால் அடையப்படுபவன் என்று ஒன்று. தாமம் என்று பெயர்பெற்ற உலகங்களை வயிற்றுக்குள் வைத்திருப்பவன் என்று இன்னொன்று. இவை பின்பக்கத்துக்குப் போகட்டும். கட்டுண்ட பிறகு உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மருத மரங்களுக்கு நடுவே போனதும், மரங்கள் சாய்ந்ததும், அதிலிருந்து குபேரனின் பிள்ளைகள் சாபம் நீங்கி வந்ததும் பின்பக்கம்தான். அது நல்ல கதை, ஆனால் இந்தப் பெயரின் பொருளுக்கு வேண்டாத கதை.

காட்சி எது? பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் ஒரு சின்ன அளவு வருகிறது, கயிறு இரண்டு விரற்கடை குறைந்தது என்று. மேலும் கயிறு சேர்க்கிறாள், திரும்பவும் இரண்டு விரற்கடை. என்னைக் கேட்டால் இந்த இரண்டு விரல் இடைவெளிதான் வீடியோ. பத்துப் பதினைந்து கிருஷ்ணர் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவதைவிட, ஒரு தாம்புக் கயிற்றின் இரு முனைகளுக்கு நடுவில் இரண்டு விரலை வைத்து அருகிலிருந்து எடுத்துவிடுங்கள். பேச்சு முழுவதும் அந்த ஒரே காட்சி ஓடினாலும் பார்ப்பார்கள்.

எழுத்து இப்படி வரும்:

"தாமோதரன். தாம என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன். தயிர்ப்பானையை உடைத்துவிட்டு, வெண்ணெயைக் குரங்குக்கு ஊட்டிக்கொண்டிருந்த பிள்ளையை உரலோடு கட்டப் போகிறாள் யசோதை. கயிறு இரண்டு விரற்கடை போதவில்லை. இன்னொரு கயிற்றை முடிந்து நீட்டினாள். மறுபடியும் இரண்டு விரற்கடை. வீட்டிலிருந்த கயிற்றையெல்லாம் முடிந்தாயிற்று, அதே இரண்டு விரற்கடை. அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கூந்தலில் இருந்த பூ உதிர்ந்தது. அதைப் பார்த்தான் பிள்ளை, கட்டுக்கு அடங்கினான். ஞாலம் உண்டவன் என்று நம்மாழ்வார் பாடிய வயிறு அது. அதைச் சுற்றி அம்மாவின் கயிறு. தாமோதரன்."

அறுபது சொல்லுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நிதானமாக, மூச்சு விட்டுச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும், என் அனுபவத்தில் நிமிடத்துக்கு 90 சொல்லைத் தாண்டினால் தமிழ் ஓட ஆரம்பித்துவிடுகிறது. யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போட முடியும், இடம் இருக்கிறதே என்று நீட்டத் தோன்றும், ஆனால் ஒரு பெயர், ஒரு பொருள் என்ற அளவுக்கு ஒரு நிமிடமே தாராளம். கவனித்தீர்களா, 'வணக்கம் நண்பர்களே, இன்றைய வீடியோவில்' எதுவும் இல்லை. முதல் சொல்லே நாமம். பொருள் முதல் பத்து விநாடிக்குள் வந்துவிடுகிறது, கதை அதற்குப் பிறகுதான். நடுவில் போகிறவர்கூடப் பொருளை எடுத்துக்கொண்டுதான் போவார். முடிவில் நாமம் திரும்ப வருகிறது, அப்போது அதே சொல் வேறு கனத்தோடு காதில் விழும். 'ஞாலம் உண்டவனை' என்பது பன்னிரு நாமப் பாட்டின் பன்னிரண்டாம் பாசுரம், 'தாமோதரனைத் தனி முதல்வனை ஞாலம் உண்டவனை' என்று தொடங்குவது. உலகை வயிற்றில் வைத்தவன் என்ற பொருளைத் தனியாக விளக்காமலே அந்த ஒரு தொடர் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. ஆழ்வார் அடுத்த அடியில் 'ஆமோ தரம் அறிய' என்று தாமோதரனோடு ஒலி சேர்த்து, அவனுடைய தரத்தை அறிய யாருக்காவது ஆகுமா என்று கேட்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அதுவும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது, என்றாவது தனியாகச் சொல்ல வேண்டும்.

இதே நாமத்தில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு தொடருக்கு எழுதியபோது, தாமம் என்றால் இருப்பிடம், பரந்தாமன் என்றால் மேலான இருப்பிடம் உடையவன், அதே தாமம்தான் தாமோதரனிலும் என்று எழுதிக் கொடுத்து, பதிவும் ஆகி, வெளியேயும் போய்விட்டது. வடமொழி தெரிந்த ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, 'அம்மா, அது வேற த, இது வேற த' என்றார். பரந்தாமனில் வருவது அழுத்தி மூச்சோடு சொல்லும் நான்காவது த, இருப்பிடம், ஒளி என்ற பொருள். தாமோதரனில் கயிறு என்ற பொருளில் வருவது மூன்றாவது த. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அன்றிலிருந்து தமிழ் எழுத்தில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு பெயரைப் பிரிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். கிரந்தத்திலோ தேவநாகரியிலோ ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், படிக்க வராவிட்டால் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். ஹ்ருஷீகேசனும் இப்படி ஏமாற்றுகிற பெயர்தான். ரிஷி, கேசம் என்று காதில் விழுகிறது, ரிஷிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹ்ருஷீகம் என்றால் புலன், ஈசன் என்றால் தலைவன், புலன்களின் தலைவன். 'இருடீகேசன்' என்று பாசுரத்தில் பார்க்கும்போது இன்னும் குழம்பும், அது அதே பெயரின் தமிழ் உருவம்தான்.

திரையில் நாமத்தை அர்ச்சனை வடிவத்தில் எழுதுவதாக இருந்தால் வேற்றுமை உருபைப் பாருங்கள். கேசவாய நம:, மாதவாய நம: என்று பழகிய கை விஷ்ணுவுக்கும் 'விஷ்ணுவாய' என்று எழுதிவிடும். விஷ்ணவே நம: என்பதே சரி. பன்னிரண்டில் இது ஒன்றுதான் உகரத்தில் முடிவது. நீங்கள் முதலில் போட்ட வீடியோவையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள், விச்வம் என்ற நாமத்துக்கு நாமாவளியில் விச்வஸ்மை நம: என்றுதான் வரும். நாலாவது பூதபவ்யபவத்ப்ரபுவை இரண்டு மூன்று நாமமாகப் பிரித்துவிட்டீர்களா என்றும் பாருங்கள், இறந்த, எதிர், நிகழ் மூன்று காலத்துக்கும் பிரபு என்று அது ஒரே நாமம்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. 'இந்த நாமத்தை இத்தனை தடவை சொன்னால் கடன் தீரும்' என்று தலைப்புப் போட்டால் பார்வை ஏறும், தெரியும். உங்கள் தொடர் பொருள் சொல்ல வந்தது. அந்தத் தலைப்பைப் பார்த்து வருகிறவர் கயிற்றையும் இரண்டு விரலையும் கேட்கக் காத்திருக்க மாட்டார், கேட்க வந்தவர் அந்தத் தலைப்பைப் பார்த்து ஒதுங்கிவிடுவார்.

ஒவ்வொரு வீடியோவையும் வெளியிடும் முன்னால் வீட்டில் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை போட்டுக்காட்டி, ஒரு மணி நேரம் கழித்து, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேளுங்கள். 'வயித்துல கயிறு கட்டினவன்' என்று வந்தால் போடலாம். 'யசோதை கட்டுவாளே, அந்தக் கதை' என்று மட்டும் வந்தால் கதை பொருளை மூடிவிட்டது, தொடக்கத்தில் பிரிப்பை இன்னும் நிறுத்திச் சொல்லுங்கள், கதையில் ஒரு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். 'நிறைய அர்த்தம் சொன்னாங்க' என்று வந்தால் அட்டையின் பின்பக்கத்திலிருந்து ஏதோ முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் கேசவனுக்கு அட்டை போடுங்கள். மூன்று பொருளில் எது முன்பக்கம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். நானாக இருந்தால் கேசத்தை எடுப்பேன், பெயரைக் கேட்டதுமே காதுக்குப் படுகிற பொருள் அதுதான், கேசி கதையைக் கேசிஹாவுக்கு மிச்சம் வைத்துவிடலாம். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.